முன்கதைச் சுருக்கமும் மறைபொருளும்

கேள்வி: தொடரின் இரண்டாம் அத்தியாயத்துக்கு, திருப்பங்கள் வெளிப்படாதவாறு முன்கதைச் சுருக்கம் எழுதுவது எப்படி?
— வாசகர், இராஜபாளையம்

பதில்: 2022-இல் புஷ்கர்-காயத்ரி எழுதி வெளிவந்த ‘சுழல்’ தொடரை உதாரணமாகக் கொள்வோம். ஆலை தீப்பற்றியதும், தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமற்போனதும் நினைவிருந்தாலே கதையைத் தொடர இயலுமாதலால், அவ்விரண்டையும் முதல் அத்தியாயம் காட்டிய அதே வரிசையில் 40 விநாடிக்குள் அமைத்தல் போதும். பின்னர் குற்றவாளியென வெளிப்படப் போகிறவரின் முகத்தை அண்மைக் காட்சியில் தனியே நிறுத்தினால் ரசிகர் அக்கணமே சந்தேகிப்பார். அறவே நீக்கினாலோ அது பிற்பாடு வஞ்சனையாகத் தோன்றும். ஆகவே பலர் கூடிய காட்சியொன்றில் அவரும் இருக்கும்படி விடுவதே உசிதம். முதல் அத்தியாயம் மட்டும் பார்த்த ஒருவரிடம், சுருக்கத்தைக் காட்டுமுன்னும் பின்னும், யார்மீது ஐயம் என்று கேளுங்கள்; விடை மாறினால், மாற்றிய காட்சியை வெட்டிவிடுங்கள்.