டை மாற்றும் நேரமா, லாட் அளவா: எதை முதலில் குறைப்பது?

பிரஸ்ஸில் ஒரு டையைக் கழற்றி இன்னொன்றை மாட்ட 3 மணி நேரம் ஆகிறதென்றால், "மாட்டியதுதான் மாட்டியாயிற்று, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக அடித்துவிடலாம்" என்றுதான் சூப்பர்வைசருக்குத் தோன்றும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடித்த சரக்கு கோடவுனில் கிடக்கும் வரை அதில் போட்ட பணமும் கிடக்கிறது. இந்த இரண்டு செலவையும் சமன்செய்யும் சூத்திரத்தை 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்டார்:

Q = √(2DS/H)

D ஆண்டுத் தேவை, S ஒரு செட்டிங்குக்கு ஆகும் செலவு, H ஒரு பீஸை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவு. Q தான் சிக்கனமான லாட்.

கணக்குக்காக ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுத் தேவை 30,000. ஒரு பீஸின் அடக்கவிலை 25 ரூபாய். வட்டியும் இடமும் சேர்த்து ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் H 5 ரூபாய். பிரஸ் நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு 900 ரூபாய் வைத்தால் 3 மணிக்கு 2,700. டை சரியாக உட்காரும் வரை வீணாகும் 12 பீஸுக்கு 300. ஆக S 3,000 ரூபாய், சிக்கன லாட் 6,000.

இதே வேலையை 45 நிமிடத்தில், 3 பீஸ் கழிவோடு முடித்தால் S 750 ரூபாயாகிறது. செட்டிங் செலவு நாலில் ஒன்றானால் லாட் பாதியாகும்: 3,000. செட்டிங்கும் ஸ்டாக்கும் சேர்ந்த ஆண்டுச் செலவு இப்படி வரும்:

- 3 மணி, லாட் 6,000: 30,000 ரூபாய்
- 3 மணி, லாட் 3,000: 37,500 ரூபாய்
- 45 நிமிடம், லாட் 6,000: 18,750 ரூபாய்
- 45 நிமிடம், லாட் 3,000: 15,000 ரூபாய்

இரண்டாவது வரிதான் பலர் விழும் குழி. செட்டிங்கைத் தொடாமல் லாட்டை மட்டும் வெட்டினால் செலவு ஏறுகிறது. கடைசி வரியில் ஆண்டுக்கு 5 முறை மாட்டிய டையை 10 முறை மாட்டுகிறோம். ஆனாலும் பிரஸ் நிற்கும் நேரம் 15 மணியிலிருந்து 7½ மணியாகக் குறைகிறது.

உங்கள் பிரஸ்ஸுக்கு எது பொருந்தும்?

எல்லாம் அந்த 900 ரூபாயைப் பொறுத்தது. அது எந்த பிரஸ்ஸின் மணி என்று முதலில் பாருங்கள்.

*வேலையில்லாமல் நிற்கும் பிரஸ்:* செட்டிங் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளமும் தேய்மானமும் அதேதான். கையைவிட்டுப் போவது கழிவான 300 ரூபாய் மட்டும். S-க்கு அதையே போட்டால் லாட் சுமார் 1,900. இங்கே காசு செலவழிக்காமல் இன்றைக்கே லாட்டைக் குறைக்கலாம். ஆண்டுக்கு 16 செட்டிங், 48 மணி நேரம். அந்த பிரஸ்ஸில் ஓடும் எல்லா டைக்கும் இப்படிக் கூட்டி, அவ்வளவு ஓய்வு நேரம் உண்டா என்று மட்டும் சரிபாருங்கள்.

*மூச்சுவிட நேரமில்லாத பிரஸ்:* இதில் ஒரு மணி நின்றால் அந்த மணியில் வந்திருக்க வேண்டிய லாபம் போகிறது. அது 3,000 ரூபாய் என்றால் S 9,300; லாட் 10,500-ஐத் தாண்டும். இங்கே லாட்டைத் தொடாதீர்கள். முதல் வேலை செட்டிங்கைக் குறைப்பது.

செட்டிங்கைக் குறைக்க: பழக்கமா, கருவியா?

பழைய டையின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய டையின் முதல் நல்ல பீஸ் வரை கடிகாரம் ஓடட்டும். போல்ட் முடுக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் பெரும்பகுதி தப்பிவிடும்.

1950-ல் ஹிரோஷிமாவில் உள்ள டோயோ கோக்யோ ஆலையில், 800 டன் பிரஸ்ஸில் டை மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளி காணாமல்போன ஒரு போல்ட்டைத் தேடி ஓடியதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ பார்த்தார். பிரஸ் ஓடும்போதே செய்யக்கூடிய வேலை வேறு, நின்றால்தான் முடிகிற வேலை வேறு என்ற அவருடைய பிரிவினை அங்கே பிறந்தது. அடுத்த டை, போல்ட், ஸ்பேனர், கேஜ், காயில் எல்லாம் பிரஸ் நிற்கும் முன்பே பக்கத்தில் வந்துவிட வேண்டும். முதல் பீஸைப் பார்க்க வேண்டிய இன்ஸ்பெக்டருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதற்குச் செலவு மிகக் குறைவு. முதலில் இதைச் செய்யுங்கள்.

அதன்பிறகும் நேரம் போகிறதென்றால், பெரும்பாலும் அது டை உயரத்தைச் சரிசெய்து தட்டிப்பார்க்கும் நேரம். எல்லா டைக்கும் அடியில் பிளாக் வைத்து ஒரே உயரமாக்கி, உட்காரும் இடத்தைப் பின் வைத்து நிலைப்படுத்தினால் ராமைத் திருப்பும் வேலையே இல்லை, கழிவும் குறையும். ஹைட்ராலிக் கிளாம்ப் இதற்கு அடுத்ததுதான். கிளாம்ப் மிச்சப்படுத்துவது முடுக்கும் சில நிமிடங்களை. தேடுவதையும் தட்டிப்பார்ப்பதையும் அது தொடாது.

லாட்டை எழுதும்போது கணக்கில் வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 20 சதவீதம் கூடினாலும் மொத்தச் செலவு 2 சதவீதம்கூட ஏறாது. ஒரு காயில் எத்தனை பீஸ் தருகிறதோ, அந்தக் கணக்கில் முழுதாக்கிக்கொள்ளுங்கள். பாதிக் காயிலைச் சுற்றி எடுத்துவைக்கும் வேலையும் மிச்சம்.