மூன்று கட்டக் கணக்கு எங்கே பிறந்தது?

கேள்வி: புது மோல்டிங் மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனால், பெஸ்ட் கேஸ், பேஸ் கேஸ், வொர்ஸ்ட் கேஸ் என்று மூன்று கணக்கு கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் போட்டு, கடைசியில் ஒரே தொகையாகச் சுருக்கித் தரச் சொல்கிறார்கள். இந்த வழக்கத்தை ஆரம்பித்தது யார்? (வாசகர், வல்லம் வடகால்)

பதில்: ஒருவர் இல்லை. வட்டிக்காரர்களும் சூதாடிகளும் ஆளுக்குப் பாதியைத் தந்தார்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ள சுமார் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

வட்டிக்காரர்கள் தந்த பாதி இது: அடுத்த வருடம் வரும் ரூபாய், இன்று கையில் இருக்கும் ரூபாயைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதைக் கணக்கிடும் அட்டவணைகளை அந்தக் கால ஐரோப்பிய வங்கிக்காரர்கள் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். 1582இல் சைமன் ஸ்டெவின் என்ற கணிதர் அவற்றை ஆண்ட்வெர்ப்பில் புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டார். வரப்போகும் பணத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்கு இறக்கிக் கூட்டி, போட்ட முதலைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நிகர தற்போதைய மதிப்பு, அதாவது என்.பி.வி.

சூதாடிகள் தந்த பாதி 1654இல் வந்தது. பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இனி என்னென்ன நடக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு, அதில் எவ்வளவு கிடைக்கும் என்று பெருக்கிக் கூட்டிப் பிரிப்பதே நியாயம் என்ற முடிவுக்கு வந்தார்கள். மூன்று வருடம் கழித்து ஹைகன்ஸ் அதைப் புத்தகமாக்கினார்.

ஏன் மூன்று கட்டம் என்பதற்கு நெருங்கிய உறவு 1958இல் கிடைக்கிறது. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் சீக்கிரம் முடிந்தால் எத்தனை வாரம், வழக்கம்போல் நடந்தால் எத்தனை, இழுத்தடித்தால் எத்தனை என்று மூன்று மதிப்பீடு கேட்டார்கள். நடுக் கணக்குக்கு நான்கு பங்கு, ஓரங்களுக்கு ஒவ்வொரு பங்கு என்று எடை போட்டு ஆறால் வகுத்தார்கள். 1964இல் டேவிட் ஹெர்ட்ஸ் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில், ஆலை முதலீட்டுக்கு ஒற்றை மதிப்பீட்டை நம்புவது ஆபத்து என்று எழுதினார். அவர் கேட்டது மூன்று கட்டம் அல்ல. விலை, விற்பனை, செலவு எல்லாவற்றையும் கணினியில் கலைத்துப்போட்டு நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பார்க்க வேண்டும் என்றார். கணினி வசதி இல்லாத இடங்களில் மூன்று கட்டமே கைக்கு அடக்கமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது வரலாறு மட்டும் இல்லை என்று தெரிகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெஷின், அச்சு, மின் இணைப்பு எல்லாம் சேர்த்துப் 10 கோடி ரூபாய் முதலீடு. ஆயுள் ஐந்து வருடம். தள்ளுபடி விகிதம் 12 சதவீதம். நடுக் கணக்கில் வரி போக வருடத்துக்கு 3.2 கோடி ரூபாய் கைக்கு வருகிறது. ஐந்து வருட வரவின் இன்றைய மதிப்பு 11.54 கோடி, முதலைக் கழித்தால் 1.54 கோடி லாபம்.

நல்ல கணக்கில் ஆர்டர் குவிகிறது. ஆனால் மெஷின் மூன்று ஷிஃப்டுக்கு மேல் ஓடாது, ஆகவே வரவு வருடத்துக்கு 3.6 கோடியில் முட்டி நிற்கிறது. என்.பி.வி. 2.98 கோடி. கெட்ட கணக்கில் இரண்டு வருடம் 3.2 கோடி வருகிறது, அதன்பின் ஆர்டர் நின்றுவிடுகிறது. வந்ததன் இன்றைய மதிப்பு 5.41 கோடி. நஷ்டம் 4.59 கோடி.

ஏறுவதற்கு ஒரு கூரை இருக்கிறது, இறங்குவதற்குக் கிணறுதான் என்பது இங்கேயே தெரிகிறது. நல்லதுக்கு 25, நடுவுக்கு 50, கெட்டதுக்கு 25 சதவீதம் என்று வைத்தால் எதிர்பார்ப்பு மதிப்பு சுமார் 37 லட்சம். நடுக் கணக்கை மட்டும் பார்த்தவர் 1.54 கோடி என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதில் கால் பங்குகூட நிஜத்தில் இல்லை. இப்போது நல்லதிலிருந்து 5 சதவீதத்தை எடுத்துக் கெட்டதில் சேருங்கள். 20, 50, 30. எதிர்பார்ப்பு மதிப்பு ஒரு லட்சம் நஷ்டமாகிவிடும். வங்கி அதிகாரியிடம் 37 லட்சம் என்று சொல்வதைவிட, 'கெட்டதுக்கு 30 சதவீதம் வந்தால் இந்தத் திட்டம் நிற்காது' என்று சொல்வது அவருக்கு அதிகம் பயன்படும்.

இன்னொன்று. 12 சதவீதம் போதாது, ஆபத்து இருக்கிறதே என்று சிலர் தள்ளுபடி விகிதத்தை 18க்கு ஏற்றுவார்கள். ஆர்டர் நின்றுபோகும் ஆபத்தைக் கெட்ட கணக்கில் ஒருமுறை எழுதியாகிவிட்டது. அதற்காகவே விகிதத்தையும் ஏற்றினால் ஒரே குற்றத்துக்கு இரண்டு அபராதம்.

கேள்வி: கெட்ட கணக்கு என்றால் எவ்வளவு கெட்டதாக இருக்க வேண்டும்? எங்கள் கம்பெனியில் விற்பனையை 20 சதவீதம் குறைத்துக் காட்டினால் போதும் என்கிறார்கள். (வாசகர், சுங்குவார்சத்திரம்)

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அளவுகோல் இருக்கிறது. 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட நோக்கியா, 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி தயாரிக்கத் தொடங்கியது. ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற சப்ளையர்கள் அதன் பக்கத்திலேயே ஆலை போட்டார்கள். அந்தச் சில வருடங்களில் அங்கே 'விற்பனை 20 சதவீதம் குறையும்' என்று எழுதியவரைக்கூட ரொம்பப் பயந்தவர் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நடந்தது வேறு. ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியது. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காகக் கொடுத்த பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை 2013இல் கிடுக்கிப்பிடி போட்டது. ஆலையின் சொத்துகள் முடங்கின. அதே வருடம் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க நோக்கியா முடிவெடுத்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்தத்தில் போன் செய்து கொடுத்துக் கொஞ்ச காலம் ஓடியது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே அருகிலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் வேலையை நிறுத்தியது.

ஆக, ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கும் சப்ளையருக்குக் கெட்ட கணக்கு என்பது 20 சதவீதக் குறைவு இல்லை, பூஜ்யம். 20 சதவீதக் குறைவு என்பது சோம்பலான நடுக் கணக்கு.

இதில் பெரிய ஓட்டை வாய்ப்பைப் போடும் இடத்தில் இருக்கிறது. சந்தை சரிவதற்குப் பத்தில் ஒன்று, கம்பெனி கைமாறுவதற்குப் பத்தில் ஒன்று, வரி வழக்கில் சொத்து முடங்குவதற்குப் பத்தில் ஒன்று என்று தனித்தனியாக எழுதி, மூன்றும் சேர்ந்து வர ஆயிரத்தில் ஒன்று என்று பெருக்கிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அவை தனித்தனியாக வரவில்லை. சந்தை சரிந்ததால்தான் விற்பனைப் பேச்சு. விற்கப்போனதால்தான் வரி வழக்கு ஆலையின் தலையில் விடிந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டிருந்தால் விடை ஆயிரத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

முந்தைய கணக்குக்குத் திரும்புவோம். ஆர்டர் நின்றதும் மெஷினை விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், முதல் கணக்கில் அதை விட்டிருந்தேன். இரண்டாம் வருட முடிவில் 3 கோடிக்கு விற்றால் அதன் இன்றைய மதிப்பு 2.39 கோடி; நஷ்டம் 2.20 கோடியாகச் சுருங்கும். 20, 50, 30 என்ற அதே சதவீதங்களில் எதிர்பார்ப்பு மதிப்பு ஒரு லட்ச நஷ்டத்திலிருந்து சுமார் 71 லட்ச லாபத்துக்குப் போகிறது. திட்டம் பிழைத்துவிட்டது.

பிழைக்க வைத்தது அந்த 3 கோடி. அதை யார் கொடுப்பார்கள்? உங்கள் ஆர்டர் நின்ற அதே வாரத்தில் பக்கத்து ஷெட்டுக்காரருக்கும் ஆர்டர் நின்றிருக்கும். அவரும் அதே மாதிரி மெஷினை அதே புரோக்கரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார். ஒரு கோடிதான் கிடைக்கிறது என்றால் எதிர்பார்ப்பு மதிப்பு 23 லட்சத்துக்கு இறங்கிவிடும். அந்த வாடிக்கையாளரின் அச்சுக்கென்றே செய்த மெஷின் என்றால் பழைய இரும்பு விலைதான். கார் உதிரி, மருந்துக் குப்பி மூடி, கைபேசி உறை என்று எதற்கும் ஓடும் பொதுவான மெஷினுக்குச் சில லட்சம் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இருப்பது இதனால்தான். அந்தக் கூடுதல் விலையை நடுக் கணக்கில் தேடினால் வீண் செலவாகத்தான் தெரியும். கெட்ட கணக்கில்தான் அதன் பலன் வரும்.

மூடிக்கிடந்த நோக்கியா ஆலையை 2019இல் வாங்க முன்வந்தது, அந்த வளாகத்திலேயே நோக்கியாவுக்கு சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப். இடையில் ஐந்து வருடம். உங்கள் பட்டியலில் 'மீதி மதிப்பு' என்று ஒரு தொகை எழுதும்போது, அது கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதையும் எழுதுங்கள். 12 சதவீதத்தில் ஐந்து வருடம் காத்திருந்தால் ஒரு ரூபாய் 57 காசாகிவிடும்.

25, 30 என்ற சதவீதங்களே எங்கிருந்து வருகின்றன என்று மேலும் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அது உங்கள் நம்பிக்கையின் அளவு, அவ்வளவுதான். நம்பிக்கையை எண்ணாக்கலாம், எந்த விகிதத்தில் பந்தயம் கட்டத் தயார் என்று கேட்டால் அது வெளியே வந்துவிடும் என்று 1926இல் எழுதியவர் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் ராம்சே. அப்போது அவருக்கு வயது 23. மேலாளரிடம் 'வாய்ப்பு எவ்வளவு?' என்று கேட்காமல், 'உங்கள் போனஸை இதில் வைப்பீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். 10 சதவீதம் என்றவர் 30 என்பார்.

கேள்வி: கையால் போட்ட என்.பி.வி.யும் எக்செல் தரும் என்.பி.வி.யும் ஏன் ஒத்துப்போவதில்லை? (வாசகர், ஒரகடம்)

பதில்: இது விசிகால்க் காலத்துப் பழக்கம். தனிக் கணினிகளுக்கென்று 1979இல் வந்த அந்த முதல் விரிதாள் மென்பொருளிலேயே இந்தச் சூத்திரம் உண்டு. அது முதல் கட்டத்தில் இருக்கும் தொகையை ஒரு வருடம் கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். எக்செல்லும் அதே வழியில்தான் போகிறது. இன்று போடும் 10 கோடியையும் அடைப்புக்குள் சேர்த்தால், அதுவும் ஒரு வருடம் தள்ளிக் கழிக்கப்பட்டு 1.54 கோடி 1.37 கோடியாகிவிடும். ஐந்து வருட வரவு C3 முதல் G3 வரை இருந்தால், முதலீட்டை வெளியே வைத்து இப்படி எழுதுங்கள்:

```
=NPV(12%,C3:G3)-10
```