எண்பத்தாறாம் பக்கத்து அட்டவணை

கேள்வி: ஐயா, மருத்துவ வரலாற்றில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1854இல் லண்டனில் பரவிய காலராவைப் பற்றிய இயலில், ஜான் ஸ்னோ தந்த ஒன்பதாம் அட்டவணையை என் நடையில் இப்படி எழுதினேன்:

"சதர்க்-வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் தண்ணீரைக் குடித்த 40,046 பேரில் 1,263 பேர் இறந்தனர், இது பத்தாயிரத்துக்கு 315. லாம்பெத் நிறுவனத்தின் தண்ணீரைக் குடித்த 26,107 பேரில் 98 பேர் இறந்தனர். இது பத்தாயிரத்துக்கு 37. லண்டனின் பிற பகுதிகளில் 2,56,423 பேரில் 1,422 பேர் இறந்தனர். இது பத்தாயிரத்துக்கு 59. கழிவுநீர் கலந்த தண்ணீரே இதற்குக் காரணம் (ஸ்னோ 1849, ப. 98)."

"அட்டவணையை ஒப்பிக்காதே, சான்றும் தப்பு" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார் நெறியாளர். எண்களை மாற்ற முடியாதே, பிறகு எப்படிச் சொந்த நடையில் எழுதுவது?

பதில்: எண்களை மாற்ற முடியாது என்பது சரி. ஆனால் எந்த எண்ணை முன்னால் வைப்பது, எதை எதோடு ஒப்பிடுவது, எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. சொந்த நடை அங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் அட்டவணையின் மூன்று வரிசைகளையும் இடமிருந்து வலமாக வாசித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு அட்டவணையையே அப்படியே ஒட்டியிருக்கலாம்.

நடைக்குப் போகும் முன் ஒரு பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறேன். 40,046 என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, வீடுகளின் எண்ணிக்கை. அந்த அட்டவணையில் முதல் நெடுவரிசை வீடுகள், இரண்டாவது காலரா மரணங்கள், மூன்றாவது பத்தாயிரம் வீடுகளுக்கு எத்தனை மரணம் என்ற வீதம். ஒரு வீட்டில் பலர் வசித்திருப்பார்கள். ஆகவே "பத்தாயிரம் பேருக்கு 315" என்று எழுதினால் சாவு விகிதத்தைப் பல மடங்கு ஏற்றிக் காட்டியதாகிவிடும். அட்டவணையை உரைநடையாக்கும்போது முதலில் தொலைவது நெடுவரிசைத் தலைப்புதான். எண் வாக்கியத்துக்குள் வந்துவிடும், அலகு அங்கேயே தங்கிவிடும். இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. இந்த எண்கள் கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களுக்கு மட்டும் உரியவை. "1854இல் லண்டனில்" என்று பொதுவாகச் சொன்னால் வாசகர் அதை மொத்தக் கணக்கு என்றே எடுத்துக்கொள்வார்.

இனி, எதை முன்னால் வைப்பது? மரணங்களை மட்டும் பாருங்கள். லண்டனின் பிற பகுதிகளில் 1,422 மரணம், சதர்க்-வாக்ஸ்ஹால் வீடுகளில் 1,263. இதை மட்டும் எடுத்துச் சொன்னால் கதையே தலைகீழாகிவிடும், ஏனென்றால் பிற பகுதிகளில் வீடுகள் ஆறு மடங்குக்கும் அதிகம். எனவே பேச வேண்டியது மூன்றாம் நெடுவரிசை. அதிலும் ஸ்னோவின் வாதம் முதல் இரண்டு வரிசைகளில்தான் நிற்கிறது. 315, 37. அவரே அட்டவணையை அடுத்து, எட்டு முதல் ஒன்பது மடங்கு என்று சொல்லிவிடுகிறார். நீங்கள் "எட்டு முதல் ஒன்பது மடங்கு" என்றால் அது ஸ்னோவின் கூற்று, அவருக்கே சான்று தர வேண்டும். "ஏறக்குறைய எட்டரை மடங்கு" என்றால் அது உங்கள் வகுத்தல், "என் கணக்கு" என்று சொல்லிவிடுங்கள். 8.51 என்று இரண்டு தசமம் போடும் ஆசை வேண்டாம். 98ஐ 26,107ஆல் வகுத்தால் பத்தாயிரத்துக்கு 37.5க்குச் சற்று மேல் வருகிறது, ஸ்னோ பின்னத்தை விட்டுவிட்டு 37 என்று அச்சிட்டிருக்கிறார். முழு எண்களை வைத்து வகுத்தால் மடங்கு 8.4 ஆகிவிடும். நுணுக்கமாகக் காட்டப்போய் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

வகுத்துப் பார்ப்பதால் இன்னொரு விஷயமும் தெரியவரும். மூன்றாம் வரிசையில் 1,422ஐ 2,56,423ஆல் வகுத்தால் பத்தாயிரத்துக்கு 55 சொச்சம்தான் வரும், அட்டவணையிலோ 59. இதை என்ன செய்வது? பேசாமல் 55 என்று திருத்தி எழுதி "ஸ்னோ, ப. 86" என்று போட்டால், அந்தப் பக்கத்தில் இல்லாத ஓர் எண்ணுக்கு அந்தப் பக்கத்தைச் சாட்சிக்கு இழுத்ததாகிவிடும். 59 என்று எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால், வகுத்துப் பார்க்கிற தேர்வாளர் உங்களைத்தான் கேட்பார். அச்சில் உள்ளதை அப்படியே தந்து, முரண்பாட்டை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்வதே முறை. அவர் எங்கே தவறினார் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அந்த வரிசை உங்கள் வாதத்துக்குத் தேவையில்லை என்றால் விட்டுவிடவும் செய்யலாம்.

இப்போது சான்று. ஸ்னோவின் நூலுக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. 1849இல் வந்தது ஒரு சிறு வெளியீடு, 1855இல் வந்தது பெரிதும் விரித்தெழுதிய இரண்டாம் பதிப்பு. 1854ஆம் ஆண்டின் மரணங்கள் 1849இல் அச்சான நூலில் எப்படி இருக்கும்? ஆண்டை எழுதும்போது நூலின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள், நூலகப் பட்டியலை நம்பாதீர்கள். உங்கள் 98ஆம் பக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது. ஸ்கேன் கோப்பைத் திறந்தால் திரை காட்டும் எண் அது. அட்டை, வெற்றுத்தாள், தலைப்புப் பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கும். நீங்கள் தர வேண்டியது தாளின் மேல் அச்சாகியிருக்கும் எண், அதாவது 86. அட்டவணை எண்ணையும் சேர்த்தே கொடுங்கள். பக்க எண் மாறிப்போன மறுபதிப்பை வைத்திருப்பவரும் அட்டவணை எண்ணைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

சான்றைப் பத்தியின் கடைசியில் ஒரே இடத்தில் மாட்டியதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கடைசி வாக்கியமான கழிவுநீர் விஷயம் அட்டவணையில் இல்லை. அங்கே இருப்பது வீடும் மரணமும் வீதமும் மட்டுமே. லாம்பெத் நிறுவனம் 1852இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றின் மேல்பக்கம் தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றியதும், மற்ற நிறுவனம் பாட்டர்சீயிலேயே எடுத்துவந்ததும் வேறு இடத்திலிருந்து வர வேண்டிய தகவல்கள், அவற்றுக்குத் தனிச் சான்று வேண்டும். எண் முடிகிற இடத்திலேயே அடைப்புக்குறியைப் போட்டுவிட்டால் எது அட்டவணை, எது விளக்கம் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். எனக்கு எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்:

"கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், சதர்க்-வாக்ஸ்ஹால் தண்ணீர் போன பத்தாயிரம் வீடுகளுக்கு 315 காலரா மரணங்கள் நேர்ந்தன, லாம்பெத் தண்ணீர் போன வீடுகளில் அதே கணக்கு 37 மட்டுமே (ஸ்னோ 1855, அட்டவணை 9, ப. 86). ஏறக்குறைய எட்டரை மடங்கு வேறுபாடு (என் கணக்கு)."

அட்டவணை முழுவதையும் ஆய்வேட்டில் எடுத்துப் போடுவதானால், அதற்கு உங்கள் இயல் வரிசையில் புது எண் வரும், 3.2 என்று வைத்துக்கொள்வோம். உரையில் "அட்டவணை 3.2" என்று சுட்டுங்கள். ஸ்னோவின் எண்ணும் பக்கமும் அட்டவணையின் அடியில் "ஆதாரம்" என்ற வரியில் இருக்கட்டும்.

ஸ்னோவின் நூலைப் பார்க்காமல் பிற்காலப் பாடநூல் ஒன்றிலிருந்து எண்களை எடுத்திருந்தால், அந்தப் பாடநூலின் அட்டவணை எண்ணையும் பக்கத்தையும் கொடுத்து, "ஸ்னோ 1855, எடுத்தாண்டவர் இன்னார்" என்று எழுதுங்கள். ஆனால் 1855 பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, மூலத்தையே திறந்து 86ஆம் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.