பெரியவரும் சின்னவரும் படிக்கும் ஒரே கடிதம்

மயிலாப்பூர் மாட வீதிகளிலோ பாண்டி பஜாரிலோ அடையாறிலோ உள்ள ஒரு குடும்பக் கடைக்கு எதையாவது விற்க, அல்லது சேர்ந்து தொழில் செய்ய, கடிதம் எழுதுகிறீர்கள். நீங்கள் யார் பெயருக்கு எழுதினாலும் அதை இரண்டு பேர் படிப்பார்கள்: கடையை ஆரம்பித்தவர், அவருக்குப் பின் வந்தவர். கடை ஆட்கள் வாயில் அவர்கள் பெரியவர், சின்னவர். சின்னவர் ‘சரி’ என்றாலும் பெரியவர் தலையசைக்காமல் பணம் நகராது. பெரியவருக்குப் பிடித்துப்போனாலும், தினமும் அதை நடத்தப்போகிற சின்னவர் மனது வைக்காவிட்டால் மூன்றாம் மாதம் மூலையில் கிடக்கும். ஆகவே இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டாலும் சங்கடம் இல்லாத ஒரே கடிதத்தை எழுத வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். மயிலாப்பூரில் ஒரு பலகாரக் கடை. கணவனும் மனைவியுமாக முப்பது வருடங்களுக்கு முன் ஆரம்பித்தது. கைமுறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா. மகன் வந்த பிறகு வெளியூர், வெளிநாட்டு பார்சல்கள் கூடியிருக்கின்றன. நீங்கள் நைட்ரஜன் நிரப்பி சீல் செய்யும் இயந்திரமும் அதற்கான கவரும் தருபவர்.

முதல் வேலை, யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொள்வது. இதற்குக் கடையின் பில் ஒன்று போதும். அதில் அச்சிட்டிருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணை gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டால், பதிவான பெயரும் Constitution of Business என்ற வரியும் வரும். அது Proprietorship என்றால் பெரும்பாலும் பெரியவர் ஒருவர் பெயரில்தான் எல்லாம் இருக்கும். செக்கில் அவர் கையெழுத்துதான். Partnership என்றால் மகனோ மருமகளோ கூட்டாளியாக இருக்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநர்கள் யார், எப்போது சேர்ந்தார்கள் என்பதைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். சமீபத்தில் இயக்குநரான ஒரு பெயர் இருந்தால், பொறுப்பு கைமாறத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

காகிதம் சொல்லாததைக் கடை சொல்லும். ஒரு காலை நேரம் சாமான் வாங்கப் போய், கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், சரக்கு இறக்க வந்தவர் யாரிடம் கையெழுத்து வாங்குகிறார், ஒரு வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மூன்று பேரும் ஒருவரேயாக இருக்க வேண்டியதில்லை.

சின்னவரை விவரம் தெரியாத பிள்ளை என்று எண்ணிவிடாதீர்கள்; ‘அவர்’ என்பது பெண்ணாகவும் இருக்கலாம். 1928-ல் சின்னசாமி செட்டியார் தியாகராய நகரில் தொடங்கிய நல்லியை 1956-ல் பேரன் குப்புசாமி செட்டியார் ஏற்றார்; பின்னாளில் அவருடைய பேத்தி லாவண்யா ஹார்வர்டில் படித்து, மிந்த்ராவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து இணைய விற்பனையைக் கையில் எடுத்தார். இப்படி வெளியே பெரிய நிறுவனத்தின் கணக்குகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு ‘நவீன தொழில்நுட்பம், விற்பனை பெருகும்’ என்ற வரி ஒன்றுமே சொல்லாது. உங்கள் விலையில் சரக்குக் கூலி சேர்ந்திருக்கிறதா என்றுதான் கேட்பார்.

அடுத்து, எதைக் கேட்பது என்று சுருக்குங்கள். கடிதத்தின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பலகாரக் கடையில் பெரியவரின் மறுப்பு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே யோசியுங்கள். மயிலாப்பூர் வாடிக்கையாளர் முறுக்கைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவர். வெள்ளி நிறத்தில் உப்பி நிற்கும் கவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ‘பாதி காத்துதானே’ என்று அவர் காதுபடவே சொல்வார்கள். இது நியாயமான மறுப்பு. மகனின் தேவையோ வேறு: பார்சலில் போன முறுக்கு நமுத்துவிட்டது என்று வரும் புகார்கள் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோரிக்கை தானாகவே சிறுத்துவிடும். கவுண்டரில் எதையும் மாற்ற வேண்டாம். பார்சலுக்கு மட்டும் புதிய கவர். பெரியவர் கட்டிக் காத்த இடத்தை நீங்கள் தொடவில்லை, சின்னவருக்கு வேண்டியதும் கிடைக்கிறது. ‘கடையை நவீனமாக்கலாம்’ என்று எழுதியிருந்தால், அது அப்பாவின் கடை பழசு என்று மகன் முன்னால் சொன்னதாகிவிடும்.

இப்போது கடிதம். முதல் பக்கம் தமிழில், பெரியவர் பெயருக்கு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அண்ணாச்சி, மாமா என்றெல்லாம் நேரில் அழைத்துப் பழகியிருந்தாலும் எழுத்தில் ‘ஐயா’ போதும். மகனை ‘தம்பி’ என்று எழுதாதீர்கள். ‘அவர்கள்’ சேர்த்தே குறிப்பிடுங்கள்.

“மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம். உங்கள் கவுண்டரில் விற்கும் முறுக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை; அது அன்றன்றே விற்றுவிடுகிறது. பார்சலில் வெளியூர் போகும் சரக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாதாரண கவரில் போகும் கைமுறுக்கு நாளாக நாளாக நமுக்கிறது, எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. கவருக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பினால் அது தள்ளிப்போகும். எத்தனை நாள் தள்ளிப்போகும் என்பதை உங்கள் முறுக்கை வைத்தே பார்க்க வேண்டும். அதற்கு முன் நான் கணக்குச் சொல்லமாட்டேன். ஒரே ஈட்டில் எடுத்த முறுக்கில் பாதியைப் பழைய கவரிலும் பாதியைப் புதிய கவரிலும் போட்டு, உங்கள் கடை அலமாரியிலேயே ஒரு மாதம் வைத்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன். இதற்குச் செலவு எங்களுடையது. வாரம் ஒருமுறை பிரித்து, எது எந்தக் கவர் என்று சொல்லாமல் தரும்போது நீங்கள் சுவைத்துச் சொல்ல வேண்டும். விலை, மின்செலவு, கவர் கணக்கு எல்லாம் இரண்டாம் பக்கத்தில், தங்கள் மகன் அவர்கள் பார்வைக்கு வைத்திருக்கிறேன்.”

இவ்வளவுதான் முதல் பக்கம். இதில் பெரியவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை அவரால்தான் செய்ய முடியும். முப்பது வருடமாக அந்த முறுக்கைச் சுவைத்த நாக்குக்கு மேல் சாட்சி கிடையாது. வாராவாரம் முடிவைக் குறித்துவைப்பது மகன் வேலை. சோதனை முடியும்போது இருவர் கையிலும் ஒரே தகவல் இருக்கும்.

இரண்டாம் பக்கம் சின்னவருக்கு, அவருக்குப் பின்னால் ஆடிட்டருக்கும். இயந்திர விலை, ஜி.எஸ்.டி. தனியாக, ஒரு கவருக்கு ஆகும் செலவு, சிலிண்டர் மாற்றும் செலவு, பழுதானால் யார் எத்தனை மணி நேரத்தில் வருவார். உங்கள் நிறுவனம் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் தவணை 45 நாளைத் தாண்டக்கூடாது என்பதால், பணம் தரும் நாளை இங்கேயே எழுதிவிடுங்கள். முதல் பக்கத்தில் இதை வைத்தால் மிரட்டல் மாதிரி இருக்கும்.

முடியாததையும் இந்தப் பக்கத்திலேயே எழுத வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சுட்ட முறுக்கை நைட்ரஜன் காப்பாற்றாது. சூடு ஆறாமல் அடைத்தால் உள்ளேயே நீராவி தங்கி நமுத்துவிடும். சீல் சரியாக விழுந்ததா என்று பார்க்கக் கவரைத் தண்ணீருக்குள் அழுத்த வேண்டும். குமிழி வந்தால் கசிவு. கவரில் அச்சடிக்கும் கெடு தேதிக்குக் கடைதான் பொறுப்பு. அதனால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே அந்தத் தேதியை நீட்ட வேண்டும். இதைப் படிக்கும் மகன், அப்பா கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் பதில் கையில் இருப்பதை உணர்வார்.

விலை ஒன்றே இருக்கட்டும். மகனிடம் போனில் ஒரு தொகையும் அப்பாவுக்குக் கடிதத்தில் ஒரு தொகையும் சொன்னால், குறைந்த தொகை அன்று இரவே சாப்பாட்டு வேளையில் தெரிந்துவிடும். பெரியவர் பேரம் பேசுவார் என்று விலையை ஏற்றி எழுதுவதும் இதே வம்புதான். குறைக்க இடம் வேண்டுமென்றால் விலையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்: முதல் ஆறு மாத சர்வீஸ், கூடுதலாக ஒரு கட்டு கவர்.

எப்போது கொடுப்பது? ஆடியில் வேண்டாம், புதிதாக எதையும் தொடங்கமாட்டார்கள். ஆவணியில் கோகுலாஷ்டமிச் சீடை தொடங்கி, நவராத்திரி, தீபாவளி, மார்கழி சபாக் கூட்டம் வரை பலகாரக் கடையில் யாருக்கும் கடிதம் படிக்க நேரமில்லை. பொங்கல் முடிந்த தை மாதம் சரியான காலம். அப்போது பேசி முடித்தால், சோதனை பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் நடக்கும்; அதில் தாங்கும் முறுக்கு மற்ற மாதங்களிலும் பெரும்பாலும் தாங்கும். நேரம், மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு. ராகு காலத்தைத் தவிர்ப்பதில் உங்களுக்கு நஷ்டமில்லை. காகிதத்தைப் பெரியவர் கையில் கொடுங்கள். அன்று மாலைக்குள் அதே இரண்டு பக்கத்தை மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அப்பாவிடம் இன்று நேரில் கொடுத்தேன்” என்று ஒரு வரி சேருங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் போனதாக இருக்கக்கூடாது.

பிறகு வரும் பதில்களைப் படிக்கத் தெரிய வேண்டும். “பையன்கிட்ட பேசிக்கோங்க” என்பது இரண்டு விதம். உங்கள் முன்னாலேயே மகனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தால் அது ஒப்படைப்பு. காகிதத்தைத் திரும்ப உங்கள் கையில் தந்து சொன்னால் மரியாதையான மறுப்பு. அதேபோல மகன் “அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று சொல்லி இரண்டு வாரம் சத்தமில்லை என்றால், வீட்டில் எழுந்த ஒரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்று அர்த்தம். அவரை நெருக்காதீர்கள். அந்தக் கேள்வி என்ன என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அது பணத்தைப் பற்றியதாக இருக்காது. பல வருடமாகக் கவர் கட்டும் பெண்களுக்கு இனி வேலை இருக்குமா என்பதாக இருக்கும். அந்தக் கவலை கடையில் அமர்ந்து மாவு அளந்த அம்மாவுடையதாகவும் இருக்கும். பதிலை மறுபடி எழுத்தில் கொடுங்கள்: இயந்திரத்தை இயக்க அவர்களுக்கே நாங்கள் கற்றுத்தருகிறோம், இத்தனை நாளில் என்று.

அப்பாவும் மகனும் உங்கள் முன்னாலேயே வாக்குவாதம் செய்தால் பேசாமல் இருங்கள். யார் பக்கம் பேசினாலும் மற்றவர் அதை மறக்கமாட்டார். “ஆறப் பேசிச் சொல்லுங்க, நான் அடுத்த வாரம் வரேன்” என்று எழுந்துவிடலாம்.

சம்மதம் பெரும்பாலும் வாயால் வரும். “சரி, ஆனா கவுண்டர்ல இந்தக் கவர் வரக்கூடாது” என்று பெரியவர் சொல்லியிருப்பார். அன்று மாலையே அதை எழுதி இருவருக்கும் அனுப்புங்கள்: சோதனை தொடங்கும் தேதி, எத்தனை பாக்கெட், சுவை பார்க்கும் கிழமை, அதற்கு மேலே முதல் வரியாக, “கவுண்டர் விற்பனைக்கு இந்தக் கவர் பயன்படுத்தப்படாது” என்று.