டிவியை அணைத்தால் கணக்கும் வெளியேறிவிடுமா?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் இங்கேயே அறை எடுத்துத் தங்குகிறார்கள். மாலையில் மழை பிடித்துக்கொண்டால் அறையிலுள்ள டிவிதான் துணை. சிலர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகுவார்கள். சிலர் அறையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டிக்கில் தங்கள் கணக்கைத் திறப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணத்திலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

முதல் நம்பிக்கை: "No Signal" என்று திரை காட்டினால் ஸ்டிக் கெட்டுவிட்டது.

பெரும்பாலும் கெட்டிருக்காது. ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அறையின் டிவியில் HDMI 1 துளையில் ஆஸ்ட்ரோ டிகோடர் இருக்கிறது. இவர்கள் ஸ்டிக்கை HDMI 2இல் செருகுகிறார்கள். டிவியோ இன்னும் முதல் துளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. டிகோடர் அணைந்திருந்தால் அந்த வாசகம் வரத்தான் செய்யும். டிவியின் சொந்த ரிமோட்டில் Source அல்லது Input பொத்தானை அழுத்தி HDMI 2ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். அறையில் இரண்டு ரிமோட்டுகள் கிடக்கும் என்பதால் டிகோடரின் ரிமோட்டை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறவர்கள் உண்டு. டிவி ரிமோட்டிலேயே அந்தப் பொத்தான் வேலை செய்யவில்லையென்றால், விடுதிகளுக்கான அமைப்பில் உள்ளீட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். அதை அறை உரிமையாளர்தான் திறந்துவிட வேண்டும்.

படம் வந்தபின் ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எரிந்தால், மின்சாரம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். டிவியின் யுஎஸ்பி துளை பல சமயம் அரை ஆம்பியர்தான் தரும். ஃபயர் டிவி ஸ்டிக்குடன் வரும் அடாப்டரோ 1 ஆம்பியர் தருகிறது. சுவரிலுள்ள மூன்று முள் பிளக்கில் அந்த அடாப்டரையே மாட்டுவது நல்லது.

இனி, உண்மையிலேயே ஆபத்தான நம்பிக்கை: கிளம்பும்போது டிவியை அணைத்துவிட்டால் கணக்கும் மூடிக்கொள்ளும்.

மூடிக்கொள்ளாது. ஒருமுறை உள்நுழைந்ததும், கடவுச்சொல்லை மறுபடி கேட்காமலிருக்க உதவும் ஓர் அனுமதிச் சாவி ஸ்டிக்கின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. மின்சாரம் போனாலும் அது அழியாது. சொந்த ஸ்டிக் என்றால் கவலையில்லை, சாவியும் அதோடு பையில் போய்விடும். எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போவது படமும் ஒலியும்தான், கணக்கு அல்ல. அறையின் ஸ்டிக்கிலோ, ஸ்மார்ட் டிவியின் செயலியிலோ நுழைந்திருந்தால் நிலைமை வேறு. அடுத்து வருகிறவர் திறந்ததும் முந்தைய விருந்தினரின் பெயரும் அவர் பாதி பார்த்த படங்களும் காத்திருக்கும். அமேசான் கணக்கு என்றால் அதன் வழியே படம் வாடகைக்கு எடுக்கவும் வழி திறந்திருக்கலாம்.

ஆகவே அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் Get Help பகுதிக்குள் Sign out இருக்கிறது. யூடியூபில் கணக்குப் படத்தை அழுத்தினால் அது தென்படும். கூகுள் டிவி வகை ஸ்டிக்கில் இன்னொரு படி உண்டு: கணக்கு சாதனத்திலேயே சேர்ந்திருப்பதால் Settings பகுதியிலும் போய் அதை நீக்க வேண்டும். ஃபயர் டிவியில் அமேசான் கணக்கைச் சேர்த்திருந்தால் Settings பகுதியில் கணக்குக்கான பிரிவைத் திறந்து Deregister கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க Reset to Factory Defaults உண்டு; ஆனால் அது உரிமையாளரின் அமைப்புகளையும் துடைத்துவிடும் என்பதால் அவரைக் கேட்காமல் செய்வது நியாயமில்லை.

மலையிறங்கித் தாப்பா வந்தபிறகுதான் மறதி உறைத்தால்? திரும்பி ஏற வேண்டும் என்பது மூன்றாவது தவறான நம்பிக்கை. விடுதியிலோ நண்பர் வீட்டிலோ நுழைந்துவிட்டு வெளியேற மறப்பவர்களைச் சொல்லியே, 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் Manage Access and Devices என்ற பக்கத்தைக் கொண்டுவந்தது. கைப்பேசியில் கணக்கைத் திறந்தால் அண்மையில் பயன்பட்ட சாதனங்கள் வரிசையாகத் தெரியும். அறை டிவியை மட்டும் வெளியேற்றலாம். அங்கே காட்டும் ஊர்ப்பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. இணைய முகவரியை வைத்துக் கணித்த ஊர் அது. ரிங்லெட்டில் பார்த்ததற்கு வேறோர் ஊரின் பெயர் வரக்கூடும். சாதன வகையையும் பார்த்த நேரத்தையும் ஒப்பிட்டால் சரியானது பிடிபடும். அமேசானில் Manage Your Content and Devices பக்கம் இதே வேலையைச் செய்கிறது. யூடியூபுக்கு, கூகுள் கணக்கில் அனுமதி பெற்றவற்றின் பட்டியலைத் திறந்து, YouTube on TV என்று இருந்தால் அதை நீக்கலாம்.