‘அயேர்’ வந்தாலே பிரெத்தேரிதோவா?

ஸ்பானிஷ் வகுப்புகளில் ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. ‘அயேர்’ (நேற்று) வந்தால் பிரெத்தேரிதோ, ‘சியெம்ப்ரே’ (எப்போதும்), ‘தோதோஸ் லோஸ் தியாஸ்’ (தினமும்) வந்தால் இம்பெர்ஃபெக்தோ. வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாமாம், துப்புச்சொல்லைத் தேடினால் போதுமாம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஒரு பயிற்சியைப் பாருங்கள். நேற்று அனா வீட்டை விட்டுக் கிளம்பியபோது மழை, மணி எட்டு, திடீரென ஓர் அலறல் கேட்டது. முதல் சொல்லே ‘அயேர்’. வாய்ப்பாட்டுக்காரர் மழைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘யோவியோ’ என்று எழுதுவார். அப்படி எழுதினால் அவள் கிளம்பிய சமயத்தில்தான் மழை வந்தது என்றாகும். கதையில் மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கிறது, ஆகவே ‘யோவியா’. கிளம்பியது கதையை ஓர் அடி நகர்த்துகிறது: ‘சாலியோ’. மணி எட்டு என்பது எதையும் நகர்த்தவில்லை: ‘ஏரான்’. அலறல் கேட்டது அடுத்த அடி: ‘ஓயோ’. நான்கும் நேற்று நடந்தவைதான். ஆனால் இரண்டுக்கு ஒரு காலம், இரண்டுக்கு வேறு காலம். அப்படியிருக்க ‘அயேர்’ எதைத் தீர்மானித்தது?

‘சியெம்ப்ரே’ கதையும் அதேதான். தாத்தா என்னிடம் எப்போதும் அன்பாகவே இருந்தார் என்று ஒரு வாழ்க்கையை மொத்தமாகக் கூட்டிச் சொல்லும்போது ‘சியெம்ப்ரே ஃபுவே’ என்பார்கள், அது பிரெத்தேரிதோ. அந்தக் கோடையில் தினமும் கடற்கரைக்குப் போனோம் என்பதைக் கோடை முடிந்த கணக்காகச் சொன்னால் ‘ஃபுய்மோஸ்’. அந்நாட்களின் வழக்கமாக விரித்தால் ‘ஈபாமோஸ்’. இரண்டும் சரி.

நெடுநாள் நீடித்தால் இம்பெர்ஃபெக்தோ என்பது இன்னொரு பிதற்றல். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் நீடித்த முஸ்லிம் ஆட்சியைப் பற்றி, அது ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் நீடித்தது என்று எழுதினால் ‘துரோ’தான் வரும். அளவு சொல்லி மூடிவிட்டால் எட்டு நூற்றாண்டும் ஒரே நிகழ்ச்சி.

துப்புச்சொற்கள் எல்லாமே வீண் என்று சொல்லவில்லை. ‘தே ரெபெந்தே’ (திடீரென) வந்தால் பெரும்பாலும் பிரெத்தேரிதோவை நம்பலாம். கடிகார மணிக்கு இம்பெர்ஃபெக்தோ. ‘த்ரேஸ் வேசேஸ்’ (மூன்று முறை) என்று எண்ணி முடித்தால் பிரெத்தேரிதோ. அதோடு ‘போர் செமானா’ (வாரத்துக்கு) ஒட்டிக்கொண்டால் வழக்கமாகிவிடும், அப்போது பொதுவாக இம்பெர்ஃபெக்தோ. அந்த ஒட்டைக் கவனிக்காமல்தான் பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒற்றை வாக்கியக் கோடிட்ட இடங்களைக் குப்பையில் போடுங்கள். ஐந்தாறு வரிக் கதையாகக் கொடுத்து, முழுவதும் படித்து முடிக்கும்வரை பென்சிலைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள்.