கேட் பேனர் பளிச், கையில இருக்குற பிரவுச்சர் மங்கல்: ஏன்?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு டிசைன் வேலை என் தலையில விழுந்துச்சு. ஒரு ரோபோ கை குத்துவிளக்கு ஏத்துற மாதிரி ஒரு படம் ஜெனரேட் பண்ணினேன். விளக்குத் தண்டுல மல்லிச்சரம், பின்னாடி நீல வெளிச்சம். லேப்டாப்ல அவ்வளவு அழகா இருந்துச்சு. அதையே 12க்கு 8 அடி ஃப்ளெக்ஸாவும், ஏ4 ட்ரைஃபோல்ட் பிரவுச்சராவும் பிரிண்டுக்குக் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ்தான் சொதப்பும்னு பயந்து ராத்திரி பூரா தூங்கல.

காலைல கேட் மேல கட்டின ஃப்ளெக்ஸ் பளிச்னு இருந்துச்சு. பிரவுச்சர் பண்டலைப் பிரிச்சப்பதான் வயிறு கலங்குச்சு. மல்லிச்சரம் பஞ்சு மாதிரி, விரல் மூட்டெல்லாம் கரைஞ்சு போயிருந்துச்சு. 500 காப்பி. மத்த காலேஜுக்கும் ஸ்பான்சர்களுக்கும் கொண்டுபோக வேண்டியது. மறுபடி அடிக்கக் காசும் இல்ல, நாளும் இல்ல. அப்படியே கொடுத்தோம்.

ஒரே படம்தான். பெருசா அடிச்சது தப்பிச்சுது, சின்னதா அடிச்சது மாட்டிக்கிச்சு. காரணம் புரிஞ்சா இந்த விஷயத்துல பாதி முடிஞ்ச மாதிரி.

நம்ம கண்ணுக்கு ஒரு எல்லை உண்டு. பார்வை சரியா இருக்குற ஒருத்தரால, ஒரு டிகிரியில 60ல ஒரு பங்கு கோணத்துக்குக் கீழ இருக்குற ரெண்டு புள்ளிகளைத் தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியாது. தூரம் கூடக்கூட, அதே கோணத்துக்குள்ள பெரிய புள்ளியும் அடங்கிடும். இதைக் கணக்காக்கினா ஒரு எளிய வாய்ப்பாடு கிடைக்கும். தூரத்தை இன்ச்ல போடணும்:

```
ppi = 3438 / d
```

பிரவுச்சரை ஒரு அடி தூரத்துல பிடிச்சுப் பார்க்கிறோம். 3438ஐ 12ஆல வகுத்தா 286. அச்சுக்காரங்க எப்பவும் இன்ச்சுக்கு 300 பிக்சல் கேட்கிறது இதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு பாருங்க. எங்க கேட் பேனரை ரோட்டுல இருந்து, சுமார் 30 அடி தூரத்துல பார்க்கிறாங்க. அதாவது 360 இன்ச். விடை 9.5 பிக்சல்தான்.

இப்ப என் படத்தைப் பொருத்திப் பார்ப்போம். அது 1216க்கு 832 பிக்சல். 12 அடிங்கிறது 144 இன்ச், அதனால பேனர்ல ஒரு இன்ச்சுக்கு 8 பிக்சல் கிடைச்சுது. தேவை 9.5. கிட்டத்தட்ட சரி, அதனாலதான் தப்பிச்சேன். பிரவுச்சர்ல மடிப்பைப் பிரிச்சா வெளிப்பக்கம் முழுக்க அந்தப் படம் ஓடுது. அங்க இன்ச்சுக்கு 100 பிக்சல்தான் இருந்துச்சு, தேவையோ 300. மூணுல ஒரு பங்கு.

அதனால "எவ்வளவு பெரிய பிரிண்ட்?"னு ஆரம்பிக்காதீங்க. "ரொம்பப் பக்கத்துல நின்னு பார்க்கிறவர் எவ்வளவு தூரத்துல நிப்பார்?"னு ஆரம்பிங்க. நெடுஞ்சாலை ஓரமா இருக்குற 40க்கு 20 அடி ஹோர்டிங்கை 100 அடி தள்ளி நின்னு பார்த்தா, கணக்குப்படி அகலத்துக்கு 1400 பிக்சல் கூடத் தேவைப்படாது. உங்க ஃபோன் ஸ்கிரீன்ஷாட் ரேஞ்ச். கொஞ்சம் கூடுதலா ரெண்டு மூணு மடங்கு வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா 20,000 பிக்சல் வேணும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இந்த வருஷம் எங்க கிட்ட மூணு வேலை இருந்துச்சு: அதே கேட் பேனர், பிரவுச்சர், அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் பின்னாடி 6க்கு 4 அடி பேனர் ஒண்ணு. இந்த மூணாவதுதான் பொறி. கேட் பேனரை விட நாலுல ஒரு பங்கு பரப்புதான். ஆனா அதுக்கு முன்னாடி பசங்க அஞ்சு அடி தூரத்துல வரிசையில நிப்பாங்க. 60 இன்ச்சுக்கு 57 பிக்சல் வேணும், 6 அடி அகலத்துக்கு 4104 பிக்சல். பிரவுச்சருக்கு, ஓரம் வெட்ட சுத்தி 3 மில்லிமீட்டர் விட்டு 303க்கு 216 மில்லிமீட்டர்னு எடுத்தா, 3579க்கு 2551 பிக்சல். மூணுலயும் அதிகமா கேட்கிறது டெஸ்க் பேனர், குறைவா கேட்கிறது ரொம்பப் பெருசா இருக்குற கேட் பேனர்.

அப்ப நேரடியா 4000 பிக்சல்லயே ஜெனரேட் பண்ணிடலாமேன்னு தோணும். நானும் பண்ணிப் பார்த்தேன், ஒரு கைக்குப் பதிலா மூணு கை முளைச்சு, ரெண்டு விளக்கு வந்துச்சு. நான் பயன்படுத்தின எஸ்டிஎக்ஸ்எல் மாதிரி மாடல்கள் சுமார் 1024க்கு 1024 அளவுப் படங்கள்ல பழக்கப்பட்டவை. அதை விட ரொம்பப் பெரிய கேன்வாஸ் கொடுத்தா, ஒவ்வொரு பகுதியையும் தனிப் படமா நினைச்சு அதே பொருளைத் திரும்பத் திரும்ப வரையும். அதனால மாடலுக்குப் பழக்கமான அளவுலயே, ஆனா பிரிண்டோட நீள அகல விகிதத்துக்குப் பக்கத்துல ஜெனரேட் பண்ணணும். 12க்கு 8ங்கிறது 3க்கு 2. அதுக்கு 1216க்கு 832 பக்கத்துல வருது. சதுரமா எடுத்துட்டு அப்புறம் வெட்டினா, இருக்குற கொஞ்ச பிக்சல்ல மூணுல ஒரு பங்கு குப்பைக்குப் போயிடும்.

அடுத்தது பெருசாக்குறது. ஃபோட்டோஷாப்ல Image Size போய், Resample டிக்கை எடுத்துட்டு 72ஐ 300ன்னு மாத்துறதை நிறைய பேர் பண்றாங்க. அதுல ஒரு பிக்சல் கூடக் கூடாது, ஃபைலுக்குள்ள ஒரு எண் மாறும், பிரிண்ட் அளவு சுருங்கும், அவ்வளவுதான். Resample டிக்கோட பைகியூபிக்ல பெருசாக்கினா பிக்சல் எண்ணிக்கை கூடும், ஆனா பக்கத்துப் பிக்சல்களோட சராசரிதான் நடுவுல நிரம்பும். மங்கலான படம் பெரிய மங்கலான படமாகும்.

விவரத்தையே புதுசா யூகிச்சுப் போடுறதுக்கு ரியல்-இஎஸ்ஆர்கான் மாதிரி அப்ஸ்கேலர் வேணும். 2021ல வந்தது, இலவசம், சாதாரண கிராஃபிக்ஸ் கார்டுலயே ஓடும்:

```
realesrgan-ncnn-vulkan -i vilakku.png -o vilakku_4x.png -n realesrgan-x4plus -t 256
```

கடைசியில இருக்குற 256, படத்தைத் துண்டு துண்டா எடுத்துச் செய்யச் சொல்லுது. மெமரி பத்தலன்னா அதைக் குறைங்க. வெளியில வந்தது 4864க்கு 3328 பிக்சல். மூணு பிரிண்டுக்கும் இது போதும். மொதல்ல விகிதத்துக்கு வெட்டி, அப்புறம் தேவையான அளவுக்குக் *குறைச்சேன்*. தேவையை விடக் கொஞ்சம் பெருசாக்கி அப்புறம் குறைக்கிறது நல்ல பழக்கம், அப்ஸ்கேலர் சேர்த்த போலி நுணுக்கம் கொஞ்சம் அமுங்கும்.

போலின்னு சொன்னது வேணும்னேதான். இந்த மாதிரி மாடலை எப்படிப் பழக்கினாங்கன்னா, தெளிவான படங்களை எடுத்து, மங்கலாக்கி, நாய்ஸ் சேர்த்து, ஜேபெக் சுருக்கத்துல கெடுத்து, "இதுல இருந்து பழசை மீட்டுக் கொடு"ன்னு கத்துக்கொடுத்தாங்க. அதனால மெல்லிய புள்ளி, சொரசொரப்பு எதைப் பார்த்தாலும் அதுக்கு அழுக்காத் தெரியும், துடைச்சுடும். முகத்துல தோல் பொம்மைத் தோலாகுறது இதனாலதான். நேர்மாறா, அரைகுறையா தெரியுற உருவத்துக்கு அதுவே ஒரு முடிவு கட்டும். என் மல்லிச்சரத்துல பின்னாடி இருந்த மொட்டெல்லாம் சோழி மாதிரி ஆயிடுச்சு. ஓரம் கூர்மையா இருந்ததால சட்டுனு கண்ணுல படல, ஜூனியர் ஒருத்திதான் "அண்ணா, இது என்ன சோழி மாலையா?"ன்னு கேட்டா.

சரி பண்ண வழி: ஒரு லேயர்ல அப்ஸ்கேலர் படம், கீழ் லேயர்ல சாதாரண பைகியூபிக்ல அதே அளவுக்குப் பெருசாக்கின படம். மேல் லேயரோட அடர்த்தியை 60 சதவீதம் போல இறக்கினா செயற்கைத்தனம் தணியும். மொட்டு இருந்த இடத்துல மட்டும் மாஸ்க் போட்டு மேல் லேயரை முழுசா மறைச்சேன். கடைசியா மேல மெல்லிய கிரெயின் தூவினேன். பேனருக்கு இது எதுவும் தேவையில்ல, பிரவுச்சருக்குத்தான் இந்தப் பாடு.

டைல் டைலா மறுபடி ஜெனரேட் பண்ணிப் பெருசாக்குற முறையும் இருக்கு. நல்லாவே வரும். ஆனா டீநாய்ஸை 0.2, 0.3ஐத் தாண்ட விடாதீங்க. 0.5 போனா ஒவ்வொரு டைலும் உங்க ப்ராம்ப்டைப் படிச்சுட்டு தனக்குன்னு ஒரு குட்டி விளக்கு வரைஞ்சு வைக்கும்.

எழுத்தை மட்டும் படத்துக்குள்ள விடவே விடாதீங்க. அப்ஸ்கேலர் 'ழ'வை என்ன பண்ணும்னு சொல்லத் தேவையில்ல. தலைப்பு, தேதி, லோகோ எல்லாம் கோரல்டிராவிலோ இங்க்ஸ்கேப்பிலோ வெக்டரா வரட்டும். அதுக்குப் பிக்சல் கணக்கே கிடையாது. தமிழ் எழுத்தை கர்வ்ஸா மாத்தி அனுப்புங்க, கடையில அந்த ஃபான்ட் இல்லன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடும்.

கடைன்னதும் இன்னொரு பொறி. நாங்க போற ஃப்ளெக்ஸ் கடையில ஒரு அடிக்கு ஒரு இன்ச்னு ஃபைல் கேட்பாங்க, 300ல. அதாவது 12 இன்ச் ஃபைல், அடிக்கும்போது 12 மடங்கு விரியும். 300ஐ 12ஆல வகுத்தா நிஜ பேனர்ல இன்ச்சுக்கு 25 பிக்சல். கேட் பேனருக்கு அது தாராளம். டெஸ்க் பேனரையும் அதே பழக்கத்துல 6 இன்ச், 300ன்னு போட்டா 1800 பிக்சல்தான் போகும், தேவை 4104. அந்த ஃபைலை 700ல வச்சேன். கடைக்கார அண்ணன் "எதுக்குப்பா இவ்வளவு?"ன்னு கேட்டார், ஆனா வாங்கிக்கிட்டார்.

அடிக்கிறதுக்கு முன்னாடி நிஜ அளவுல ஒரு துண்டு பார்த்துடுங்க. ஸ்கிரீன்ல 100 சதவீதத்துக்கு ஜூம் பண்ணிப் பார்த்தா எல்லாமே கேவலமாத் தெரியும், அதை நம்பாதீங்க. ஏ4 தாளைப் படுக்கவாக்குல வச்சா 11.69க்கு 8.27 இன்ச். டெஸ்க் பேனர் ஃபைலை 4104 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சுட்டு, அதுல 666க்கு 471 பிக்சல் துண்டை, விளக்குச் சுடர் இருக்குற இடத்துல வெட்டி, தாள் முழுக்க வர்ற மாதிரி லேப் பிரிண்டர்ல எடுத்தேன். சுவத்துல ஒட்டிட்டு அஞ்சு அடி தள்ளி நின்னோம். கட்டம் தெரியல. ரெண்டு அடிக்குப் போனா தெரிஞ்சுது, அங்க யாரும் நிக்கப் போறதில்ல. செலவு ஒரு ரூபாய்த் தாள்.

பிரவுச்சரையும் அதே மாதிரி ஒரு காப்பி எடுத்து கையில பிடிச்சுப் பார்த்துட்டுதான் ஃபைலை அனுப்பினேன். அதுவும் வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா இல்ல, டாக்குமென்ட்டா. போன வருஷம் ஃபோட்டோவா அனுப்பித்தான், இருந்த 100 பிக்சலையும் ஜேபெக் கட்டமா ஆக்கி வச்சேன்.